எட்டு ஐம்பதும் பத்து இருநூறும்

எங்க நீச்சல் டீமில் கிரியாட்டின் விஷயத்தில் இரண்டு கட்சி இருக்கு. "அதெல்லாம் ஜிம் பசங்களுக்கு, வெயிட் ஏறினா தண்ணியில மூழ்கிடுவ" என்பது ஒரு கட்சி. "ஒரு டப்பா வாங்கிப் போடு மச்சான், எல்லா ஈவென்ட்லயும் டைம் குறையும்" என்பது இன்னொன்று. இந்த வருஷம் நானும் என் ரூம்மேட்டும் ஒரே டப்பாவை வாங்கி, ஒரே அளவு, ஒரே நாலு வாரம் எடுத்துக்கொண்டோம். நான் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல். அவன் 1500. இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒன்றில்லை. ஏன் ஒன்றில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏனென்றால், அவனுக்கு இது விளையாட்டாகச் செய்த சோதனை மட்டும் இல்லை. 1500-க்கு காலேஜிலிருந்து ஒருத்தரைத்தான் அனுப்புவார்கள். இரண்டு வருஷமாக அந்த இடத்துக்கு ஒரு ஜூனியரோடு சில வினாடி வித்தியாசத்தில் மோதிக்கொண்டிருந்தான். இது கடைசி வருஷம்.

முதலில் அந்தப் பவுடர் என்ன என்று பார்த்துவிடலாம். டப்பா வீட்டுக்கு வந்தபோது என் ரூம்மேட்டின் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இதுல கறி ஏதாவது கலந்திருக்காடா?" நல்ல கேள்விதான். 1832-ல் செவ்ருல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதை முதலில் பிரித்தெடுத்ததே இறைச்சிச் சாற்றிலிருந்துதான். பெயரே இறைச்சிக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் இப்போது டப்பாவில் வருவது சார்கோசின், சயனமைட் என்ற இரண்டு ரசாயனங்களை வைத்து ஃபேக்டரியில் செய்வது. பச்சைப் புள்ளியைக் காட்டியதும் அம்மா ஒப்புக்கொண்டார். இந்தக் கறி விஷயம் பின்னால் இன்னொரு காரணத்துக்காகத் திரும்ப வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம உடம்பே தினமும் கொஞ்சம் கிரியாட்டின் செய்கிறது. மீன், கறி சாப்பிட்டால் அதிலிருந்தும் கொஞ்சம் வருகிறது. அதில் பெரும்பகுதி தசைக்குள் போய் உட்காருகிறது. அங்கே அதன் வேலையைப் புரிந்துகொள்ள ஹாஸ்டல் பாத்ரூமை யோசித்துப் பாருங்கள். கையில் இருக்கும் மக்கில் கொஞ்சம் தண்ணீர். மாடியில் ஒரு தொட்டி. கீழே ஒரு மோட்டார். தசை நேரடியாகச் செலவழிக்கும் ஏடிபிதான் மக்கில் இருக்கும் தண்ணீர். முழு வேகத்தில் போனால் இரண்டு மூன்று வினாடிக்குக்கூடத் தாங்காது. அதை உடனுக்குடன் நிரப்புவது பாஸ்போகிரியாட்டின். அதுதான் மாடித் தொட்டி. குழாயைத் திறந்ததும் தண்ணீர் வந்துவிடும், ஆனால் முழு வேகத்தில் போனால் சுமார் பத்து வினாடியில் பெரும்பாலும் காலி. மோட்டார் என்பது மூச்சு இழுத்து ஆக்சிஜனை வைத்து உடம்பு செய்யும் வேலை. மெதுவாக ஏற்றும், ஆனால் மணிக்கணக்கில் ஓடும். தொட்டியைத் திரும்ப நிரப்புவதும் இந்த மோட்டார்தான். நடுவில் இன்னொரு வழியும் உண்டு. ஆக்சிஜனுக்குக் காத்திருக்காமல் சர்க்கரையை வேகமாக உடைப்பது. 50 மீட்டரின் கடைசிப் பாதியில் கை கனத்துப்போகுமே, அங்கே அதுதான் ஓடுகிறது.

கிரியாட்டின் பவுடர் செய்வது ஒன்றே ஒன்று. மாடித் தொட்டியைக் கொஞ்சம் பெரிதாக்குகிறது. 1992-ல் ஹாரிஸ், சோடர்லுண்ட், ஹல்ட்மன் என்ற மூவர் இதைத் தசைத் துணுக்கை எடுத்தே அளந்து காட்டினார்கள். குழாயின் அகலம் மாறவில்லை. மோட்டாரும் அதே மோட்டார்தான். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால், எந்த செட்டில் பலன் இருக்கும், எதில் இருக்காது என்பதை டப்பாவைத் திறக்காமலே சொல்லிவிடலாம்.

ஒற்றை 50 மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முழு ஓய்வோடு பிளாக்கில் ஏறும்போது எல்லாருடைய தொட்டியும் நிறைந்துதான் இருக்கும். முதல் சில வினாடி எவ்வளவு வேகமாகத் தண்ணீர் கொட்டும் என்பதைத் தீர்மானிப்பது குழாய். அது மாறவில்லை. தொட்டி கொஞ்சம் தாமதமாகக் காலியாகும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் சர்க்கரை வழி ஏற்கெனவே பெரும்பாரத்தைத் தூக்க ஆரம்பித்திருக்கும். அதனால் கிடைக்கும் லாபம் ரொம்பச் சின்னது. 1996-ல் முஜிகா என்பவரின் குழுவும், அதே வருஷம் ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் என்பவரின் குழுவும், நன்றாகப் பயிற்சி பெற்ற நீச்சல்காரர்களை 25, 50, 100 மீட்டர் நீந்தவிட்டுப் பார்த்தார்கள். ஒற்றை ஓட்டத்தில் சொல்லிக்கொள்ளும்படி வேகம் கூடவில்லை. என் நோட்டும் அதையேதான் சொல்கிறது. பவுடருக்கு முன் முழு ஓய்வோடு குதித்து நீந்திய 50: 27.4 வினாடி. நாலு வாரம் கழித்து: 27.4.

இதைப் பார்த்து, "அப்போ 750 ரூபாய் என் பங்கு தண்டம்" என்று நான் முடிவு கட்டியிருக்கலாம். ஆனால் நாம் பிளாக்கில் ஏறி ஒற்றை 50 நீந்துவது வருஷத்தில் சில தடவைதான். மற்ற நாளெல்லாம் நீந்துவது செட். அங்கேதான் கதை மாறுகிறது.

எங்க கோச் சார் சனிக்கிழமை கொடுக்கும் செட் இது: 8 × 50, 1:30-க்கு ஒன்று. அதாவது ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு தடவை சுவரைத் தள்ளிக் கிளம்ப வேண்டும், எட்டையும் முழு வேகத்தில். நான் 30 வினாடியில் முடித்தால் 60 வினாடி ஓய்வு. இந்த 60 வினாடியில் தொட்டி எவ்வளவு நிறையும் என்பதுதான் கேள்வி. அது நேர்கோட்டில் நிறையாது. கெப்பாசிட்டர் சார்ஜ் ஆவது மாதிரி, முதலில் வேகமாக, நிறைய நிறைய மெதுவாக. மீதி இருக்கும் காலியிடத்தில் பாதி நிரம்ப ஆகும் நேரம் ஆளுக்கு ஆள் மாறும். கணக்குக்காக 30 வினாடி என்று வைத்துக்கொள்வோம்.

சாதாரணத் தொட்டியின் கொள்ளளவு 100 என்று வையுங்கள். ஒரு 50 முடியும்போது 20 மிச்சம். காலியிடம் 80. முதல் 30 வினாடியில் அதில் பாதி நிரம்பி காலியிடம் 40 ஆகும். அடுத்த 30 வினாடியில் 20 ஆகும். ஆக, அடுத்த 50-க்குக் கிளம்பும்போது கையில் 80. இப்போது கிரியாட்டின் எடுத்த ஆளின் தொட்டி 110 என்று வையுங்கள். அதே 20 மிச்சத்தில் முடித்தால் காலியிடம் 90. 60 வினாடியில் அது 22.5 ஆகக் குறையும். கையில் 87.5. முதல் 50-ல் பெரிதாகத் தெரியாத வித்தியாசம், இரண்டாவதில், மூன்றாவதில், ஏழாவதில், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்கிறது. இது காகிதத்தில் போட்ட எளிய மாடல்தான், நிஜத் தசை இதைவிடச் சிக்கலானது. ஆனால் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சரியாகக் காட்டுகிறது.

1998-ல் பிரிட்டனில் பெய்ரெப்ரூன் என்பவரின் குழு ஏறக்குறைய இதே செட்டையே சோதித்தது. 50 கஜம் ஒற்றை ஓட்டம் ஒன்று. பிறகு 90 வினாடிக்கு ஒன்றாக 8 × 50 கஜம். கிரியாட்டின் எடுத்தவர்களுக்கு ஒற்றை ஓட்டத்தில் மாற்றம் இல்லை. எட்டு ஓட்டத்தில் முன்னேற்றம் இருந்தது. தொட்டி மாடல் என்ன சொன்னதோ அதுவே.

என் நோட்டில் பவுடருக்கு முந்தைய சனிக்கிழமை: 29.2, 29.6, 30.1, 30.6, 31.1, 31.6, 31.9, 31.9. மொத்தம் 246.0 வினாடி. நாலு வாரம் கழித்து: 29.2, 29.5, 29.9, 30.3, 30.7, 31.0, 31.2, 31.2. மொத்தம் 243.0. மூன்று வினாடி குறைந்தது பெரிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் எங்கே குறைந்தது என்று பாருங்கள். முதல் 50 அப்படியே இருக்கு. முதல் நாலில் சேர்த்து 0.6 வினாடி. கடைசி நாலில் 2.4. வேகம் கூடவில்லை, வேகம் சரிவது குறைந்திருக்கு.

இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். நாலு வாரப் பயிற்சியாலேயே கொஞ்சம் குறைந்திருக்கும். பவுடர் எடுக்கிறோம் என்று தெரிந்தே நீந்தினேன். எது பவுடர், எது வெறும் குளுக்கோஸ் என்று தெரியாமல் எடுத்திருந்தால்தான் சரியான சோதனை. ஆனால் நீங்கள் எடுத்துப் பார்ப்பதானால் எதை அளக்க வேண்டும் என்பதை இந்த இரண்டு வரிசையும் சொல்லும். சிறந்த நேரத்தை அளந்தால் எதுவும் தெரியாது. முதல் ஓட்டத்துக்கும் கடைசி ஓட்டத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். எனக்கு அது 2.7-லிருந்து 2.0 ஆனது. ஒரு மாதம் எடுத்தும் அந்த இடைவெளியும் உடல் எடையும் அசையவே இல்லையென்றால், உங்கள் தொட்டி ஏற்கெனவே கிட்டத்தட்ட நிறைந்திருந்தது என்று அர்த்தமாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் காசை வேறு எதற்காவது செலவழிக்கலாம்.

இப்போது என் ரூம்மேட்டிடம் வருவோம். அவனுடைய முக்கிய செட் 10 × 200, 3:00-க்கு ஒன்று. ஒவ்வொரு 200-ஐயும் 2:38 அளவில் முடிப்பான், 22 வினாடி ஓய்வு. முதலில் அதே தொட்டிக் கணக்கை இங்கே போட்டுப் பார்த்தோம். 22 வினாடி ஓய்வில் சாதாரணத் தொட்டி 20-லிருந்து சுமார் 52-க்கு ஏறும். பெரிய தொட்டி சுமார் 56-க்கு. எனக்கு 7.5 ஆக இருந்த வித்தியாசம் இவனுக்கு சுமார் 4. அதுவும் தொட்டி காலியாகும் என்று வைத்துக்கொண்டால்தான். ஒரே சீரான வேகத்தில் நீந்தும்போது தொட்டி அவ்வளவு இறங்கவே இறங்காது. செலவை மோட்டாரே ஈடுகட்டிக்கொண்டிருக்கும். 158 வினாடி ஓடும் ஒரு 200-ல், 20 நிமிஷம் ஓடும் ஒரு 1500-ல், தொட்டியின் பங்கு சிறியது. அதை இன்னும் பத்து சதவீதம் பெரிதாக்கினால் நேரத்தில் என்ன தெரியப்போகிறது?

ஆக, நீண்ட செட்டில் லாபம் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் அங்கே வேறொன்று கூடுகிறது: எடை. கிரியாட்டின் தசைக்குள் போகும்போது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஏறுவது சகஜம். இங்கேதான் கறி விஷயம் திரும்ப வருகிறது. கறி, மீன் சாப்பிடாதவர்களின் தசையில் கிரியாட்டின் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். எவருக்குக் குறைவாக இருக்கிறதோ அவர் தசைதான் அதிகமாக உறிஞ்சும். நான் மெஸ்ஸில் சிக்கன் நாளைத் தவறவிடாதவன். 71 கிலோவிலிருந்து 71.6. ரூம்மேட் பிறந்ததிலிருந்தே சைவம். 64-லிருந்து 65.4. எவனுக்குப் பலன் குறைவோ அவன் உடம்புதான் அதை அதிகமாகப் பிடித்துவைத்துக்கொண்டது.

இந்த 1.4 கிலோ நீச்சலில் என்ன செய்யும்? "ஒன்றரை லிட்டர் பாட்டிலை முதுகில் கட்டிக்கொண்டு நீந்துகிற மாதிரி" என்று டீமில் ஒருத்தன் சொன்னான். கேட்க நன்றாக இருக்கு, ஆனால் இயற்பியல் தப்பு. ஓட்டக்காரனுக்கு அது பொருந்தும். அவன் ஒவ்வொரு அடியிலும் அந்த எடையைத் தூக்க வேண்டும். நீச்சல்காரன் உடம்பில் கூடியது பெரும்பாலும் தண்ணீர். தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை கிடையாது. பாட்டிலை நிரப்பிக் குளத்துக்குள் பிடித்துப் பாருங்கள், கை வலிக்காது. அதனால் "மூழ்கிடுவ" கட்சியும் தோற்றது. பிரச்சினை எடையில் இல்லை, பருமனில். உடம்பு துளி பெரிதாகிறது. முன்னால் இருக்கும் தண்ணீரை விலக்கிப் போக வேண்டிய பரப்பு துளி கூடுகிறது.

எவ்வளவு கூடும் என்று மெஸ் டேபிளில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 64-க்கு 1.4 என்பது 2.2 சதவீதம். உடம்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பெருத்தால், குறுக்குப் பரப்பு அதில் மூன்றில் இரண்டு பங்கு கூடும், அதாவது சுமார் 1.5 சதவீதம். தண்ணீரின் எதிர்ப்பை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் முப்படியாக ஏறுகிறது. அதனால் அதே சக்தியில் நீந்தினால் வேகம் அந்த 1.5-ல் மூன்றில் ஒரு பங்கு, அரை சதவீதம், குறையும். 200 மீட்டருக்கு முக்கால் வினாடி. 20 நிமிஷ 1500-க்கு கிட்டத்தட்ட 6 வினாடி. நிஜத்தில் உடம்பு எல்லாப் பக்கமும் சமமாகப் பெருக்காது. எதிர்ப்பு முழுவதும் பரப்பினால் மட்டும் வருவதும் இல்லை. அதனால் 6 என்பதை அப்படியே நம்பக்கூடாது. ஆனால் எந்த அளவிலான எண் என்று தெரிகிறது. அரை வினாடியும் இல்லை, ஒரு நிமிஷமும் இல்லை. சில வினாடிகள். அவனுக்கும் அந்த ஜூனியருக்கும் நடுவில் இருந்ததும் சில வினாடிகள்தான்.

அவன் நோட்டில் பத்து 200-இன் சராசரி 2:38.2-லிருந்து 2:38.9 ஆகியிருந்தது. 0.7 வினாடி. கணக்கோடு இவ்வளவு அழகாகப் பொருந்தியதைப் பார்த்து எனக்குச் சந்தேகம்தான் வந்தது. முந்தின ராத்திரி தூக்கம் கெட்டாலே இவ்வளவு மாறும். ஆனால் நாலு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தவனுக்குக் கொஞ்சம் குறைந்திருக்க வேண்டிய இடத்தில் கூடியிருந்தது. கூடவே 25 மீட்டருக்கு 17 கை வீச்சில் போனவன் பல லேப்பில் 18-க்கு வந்திருந்தான். நீண்ட தூரம் நீந்துபவர்கள் கவனிக்க வேண்டிய அடையாளம் இதுதான். நேரம் அதே, வீச்சு ஒன்று கூடுதல் என்றால், அதே வேகத்துக்கு அதிக வேலை செய்கிறீர்கள்.

சரி, அப்போ அவனுக்கு எதுவுமே கிடைக்கவில்லையா என்றால், கிடைத்தது. அதனால்தான் முடிவெடுப்பது கஷ்டமாக இருந்தது. புதன்கிழமை நீண்ட செட் முடிந்த பிறகு கோச் சார் 12 × 25 ஸ்பிரிண்ட் கொடுப்பார். அதில் இவன் எப்போதும் எட்டாவதிலேயே கழன்றுவிடுவான். இந்த மாதம் பன்னிரண்டு வரை நின்றான். ஜிம்மில் புல்-அப் கடைசி செட்டில் இரண்டு கூடுதலாகப் போட்டான். தொட்டி மாடல்படி இரண்டும் எதிர்பார்த்ததுதான். குறுகிய முழு முயற்சி, நடுவில் ஓய்வு. "பாடி நல்லா ஃபீல் ஆகுது மச்சான், எப்படி நிறுத்தறது?" என்றான். நான் சொன்னது, "நல்லா ஃபீல் ஆகுறது 25-ல. செலக்ஷன் 1500-ல."

சாரிடம் இரண்டு நோட்டையும் காட்டினோம். அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நிறுத்தினா எத்தனை நாள்ல பழைய நிலைக்கு வருவே?" அதுதான் சரியான கேள்வி. தசையில் ஏறிய கூடுதல் கிரியாட்டின் உடனே போகாது. ஒரு நாளைக்கு உடம்பில் இருக்கும் மொத்தத்தில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் கிரியாட்டினினாக மாறி சிறுநீரில் போகும். பழைய அளவுக்கு வர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். செலக்ஷனுக்கு ஆறு வாரம் இருந்தது. அவன் அன்றே நிறுத்தினான். எடை முதல் வாரம் அசையவே இல்லை, டென்ஷன் ஆனான். நாலாவது வாரம் 64.3.

இதிலிருந்து தெரிவது: கிரியாட்டின் ரேஸ் வாரத்துக்கான சாமான் இல்லை. மீட்டுக்கு ஐந்து நாள் முன்னால் தினம் 20 கிராம் என்று ஏற்றிக்கொண்டு போனால், முழு ஓய்வோடு நீந்தும் ஒற்றை ரேஸில் பெரிய லாபமும் இல்லை, புதிதாக ஏறிய ஒரு கிலோவுக்கு உடம்பு பழகியிருக்காது, பல பேருக்கு வயிறும் கலக்கும். 1996-லேயே ஹல்ட்மன் குழு காட்டிவிட்டது: 20 கிராம் வீதம் ஆறு நாள் எடுத்தாலும், 3 கிராம் வீதம் 28 நாள் எடுத்தாலும் தசை கடைசியில் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் நிறைகிறது. அவசரம் இல்லாதவர்களுக்கு தினம் 3 முதல் 5 கிராம் போதும். நாங்கள் எடுத்தது 5. சில்லென்ற தண்ணீரில் போட்டால் அடியில் மணல் மாதிரி தங்கிவிடும், அதைக் கீழே கொட்டினால் காசும் சேர்த்துக் கொட்டுகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி உடனே குடித்தால் சரி.

ஸ்பிரிண்டருக்கு இது சீசன் நடுவில் பயன்படும், பயிற்சி வழியாக. எனக்கு எட்டு 50-இல் கடைசி நாலு இப்போது உண்மையான ஸ்பிரிண்டாக இருக்கு. முன்பு அவை வெறும் போராட்டம். அப்படிப்பட்ட சனிக்கிழமைகள் பத்து சேர்ந்தால்தான் ரேஸில் ஏதாவது வரும், பவுடரால் நேரடியாக வராது. 400-க்கு மேல் நீந்துபவர் ஜிம் அதிகம் இருக்கும் சீசன் ஆரம்பத்தில் எடுத்துக்கொண்டு, முக்கிய மீட்டுக்கு ஆறு வாரம் முன் நிறுத்தலாம். அல்லது எடுக்காமலே இருக்கலாம். 100, 200 நீந்துபவர்களுக்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. செட்டில் சரிவு, லேப்புக்கு வீச்சு, காலையில் எடை, இந்த மூன்றையும் நோட்டில் எழுதினால் அவர்களுக்கே தெரியும்.

கிட்னி பற்றி எல்லா வீட்டிலும் கேட்பார்கள், அதனால் அதையும் சொல்கிறேன். ரத்தப் பரிசோதனையில் கிட்னியைப் பார்க்க கிரியாட்டினின் என்பதை அளக்கிறார்கள். நீங்கள் கிரியாட்டின் எடுத்தால் அந்த எண் கொஞ்சம் ஏறித் தெரியலாம், கிட்னிக்கு எதுவும் ஆகாமலே. எனவே டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மறைத்தால் அவர் வேறு முடிவுக்குப் போவார். ஆரோக்கியமானவர்கள் இந்த அளவில் எடுத்ததில் கிட்னி கெட்டதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஏற்கெனவே கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் கிரியாட்டின் இல்லை. ஆனால் டப்பாவுக்குள் வேறு ஏதாவது கலந்திருந்தால், தெரியாமல் எடுத்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பல பொருள் கலந்த பவுடரை விட்டுவிட்டு, கிரியாட்டின் மோனோஹைட்ரேட் மட்டும் உள்ள, பேட்ச் வாரியாகச் சோதித்த டப்பாவை வாங்குவது நல்லது.

செலக்ஷனில் என் ரூம்மேட் 20:04 நீந்தினான். அவனுடைய பழைய சிறந்த நேரத்தைவிட 7 வினாடி குறைவு, அந்த ஜூனியரைவிட 3 வினாடி. அந்த 7-ல் எவ்வளவு ஆறு வாரப் பயிற்சி, எவ்வளவு அந்த ஒரு கிலோ என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. இரண்டாவதாக வந்த ஜூனியர் குளத்தை விட்டு ஏறியதும் அவனிடம் கேட்டது, "அண்ணா, அந்தப் பவுடர் எந்த டப்பாண்ணா?" இவன் சொன்னான், "நிறுத்திட்டேன்டா. அம்பது நீந்துறியா சொல்லு, மிச்சம் பாதி டப்பா ரூம்ல இருக்கு, தர்றேன்."